காலேஜில் கைரேகை வருகைப் பதிவு: கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்பது?

பிப்ரவரி 6, குவாத்ர் போர்ன் அம்மா

இங்கே மொரீஷியஸில் மகள் கிரேடு 8 படிக்கும் காலேஜிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. இந்த டெர்ம் முதல் கைரேகை வைத்துத்தான் வருகைப் பதிவாம், பெற்றோர் சம்மதம் என்று கீழே ஒரு கோடு. மொத்தம் ஆறு வரி. தனியுரிமைத் தாக்க மதிப்பீடு செய்தாகிவிட்டது என்று ஒரு வரியில் இருக்கிறது, ஆனால் அந்த மதிப்பீடு எங்கே என்று அலுவலகத்தில் கேட்டால் விழிக்கிறார்கள். இதில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், கையெழுத்துப் போடலாமா?

பிப்ரவரி 6, இரவு, ரோஸ்ஹில் அப்பா

அக்கா, அதே தாள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அநேகமாக நம் இருவருக்கும் ஒரே காலேஜ். எபேனில் ஒரு கம்பெனிக்குக் கணினித் தணிக்கை பார்ப்பது என் வேலை, அதனால் பி.டி.ஏ.வில் இதை என் தலையில் கட்டிவிட்டார்கள். செய்தாகிவிட்டது என்பது பொய், இனிமேல்தான் நான் எழுத வேண்டும். 2017 தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆபத்து அதிகம் என்று படும் வேலைக்கு மதிப்பீட்டை முன்கூட்டியே செய்யச் சொல்கிறது. கருவியை மாட்டிவிட்டு அப்புறம் தாளை நிரப்புவதெல்லாம் அந்தப் பிரிவில் செல்லாது.

இப்போதைக்கு என் எண்ணம்: பெற்றோர் கையெழுத்து வந்துவிட்டால் சட்டப்படி பெரும்பாலும் சரி, மீதி எல்லாம் தொழில்நுட்பப் பாதுகாப்புதான். நாளை காலேஜுக்குப் போய்க் கருவியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, வாக்வா மாமா

இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? கைரேகை வாங்குவதே சட்டவிரோதம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சே. அடையாள அட்டை வழக்கு, மறந்துவிட்டதா? அந்தத் தீர்ப்பை ரெக்டர் மேசையில் வைத்தால் விஷயம் முடிந்தது.

பிப்ரவரி 7, மதியம், ரோஸ்ஹில் அப்பா

மாமா, பாதி சரி. 2013இல் வந்த புதிய அட்டைக்காகக் கைரேகை எடுத்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எடுத்ததை மையத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்வதைத்தான் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றது, அதன் பிறகு அந்தத் தரவுத்தளம் அழிக்கப்பட்டது. எடுப்பதையும் எதிர்த்து, நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள், 2016இல் அங்கே எடுபடவில்லை. அப்புறம் 2021இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அட்டையிலேயே ரேகை இருந்தாலும் தொலைந்தால், திருடுபோனால் என்ன பாதுகாப்பு என்று அரசு போதிய விளக்கம் தரவில்லை, எனவே தனியுரிமை மீறப்பட்டது என்று சொன்னது.

நமக்கு இதில் உதவுவது ஒன்றுதான். எடுக்கலாமா என்பதோடு கேள்வி நிற்காது. எடுத்தது எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் கையில், எத்தனை நாள் என்பது தனிக் கேள்வி, அதற்கும் தனியாகப் பதில் வேண்டும். ரெக்டரிடம் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போனால், நாங்கள் அரசாங்கம் இல்லையே என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

பிப்ரவரி 7, இரவு, ரோஸ்ஹில் அப்பா

கருவியைப் பார்த்தேன். மெயின் கேட்டுக்குப் பக்கத்தில், காவலாளி அறை ஜன்னலுக்கு வெளியே, நாலு திருகில் தொங்குகிறது. உள்ளங்கையளவு திரை, கீழே விரல் வைக்கும் கண்ணாடி, அடியில் யு.எஸ்.பி. ஓட்டை. மெனு பட்டனை அழுத்தினேன், எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல் திறந்துவிட்டது. இந்த வகைக் கருவிகளில் நிர்வாகி என்று ஒரு ஆளைப் பதிவு செய்யும்வரை மெனு எல்லோருக்கும் திறந்தே கிடக்கும், பெரும்பாலும் பொருத்துகிறவர்கள் அதைச் செய்வதில்லை. உள்ளே `Download User Data` என்று ஒரு வரி இருந்தது. பாக்கெட்டில் இருந்த பென் டிரைவைச் செருகி அழுத்தினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டில் வந்து திறந்து பார்த்தால் 26 பதிவுகள். சோதனைக் கருவி காலியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

(பென் டிரைவிலிருந்து அழித்துவிட்டேன். அதை ரெக்டரிடம் இன்றே போனில் சொல்லியும்விட்டேன். நான் செய்ததே சரியா என்று மனைவி கேட்கிறாள். முழுக்கச் சரி இல்லை. கருவியைத் திறந்து காட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.)

பிப்ரவரி 8, குவாத்ர் போர்ன் அம்மா

இப்போதுதான் மகளைக் கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை கிரேடு 8 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வலது கை ஆள்காட்டி விரலை மூன்று முறை வைக்கச் சொன்னார்களாம். தாள் வந்தது வியாழக்கிழமை! எனக்குக் கை நடுங்குகிறது. அந்த 26இல் என் மகளும் ஒன்று.

பிப்ரவரி 8, காலை, ரோஸ்ஹில் அப்பா

அக்கா, பதற வேண்டாம். ஆனால் எழுதி வையுங்கள்: எந்த நாள், எந்த வகுப்பு, யார் நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 12, 13 வயது. 16 வயதுக்குக் கீழே பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்காமல் தகவலைக் கையாளக் கூடாது என்று சட்டம் நேரடியாகவே சொல்கிறது, அதிலும் கைரேகை சிறப்பு வகைத் தகவலில் சேரும். சோதனை ஓட்டம்தானே என்ற சமாதானம் இங்கே நிற்காது. எடுத்தது உண்மையான விரல்.

ஆறாம் தேதி நான் எழுதியதைத் திருத்துகிறேன். கையெழுத்து வந்தால் சரி என்றேன், தவறு. சம்மதம் சம்மதமாக இருக்க வேண்டுமானால் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று அந்தத் தாளில் ஒரு எழுத்து இல்லை. அப்படி இருக்கும்போது நாம் போடும் கையெழுத்து சம்மதத்தில் சேராது, ரசீதில்தான் சேரும். இன்னொன்று, மேல் வகுப்புகளில் 16 தாண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அப்பா அம்மாவை மட்டும் கேட்பதும் சரியில்லை. அதையும் நான் யோசிக்கவில்லை.

பிப்ரவரி 8, கரும்புக்காட்டுப் பையன்

எங்கள் ஃபேக்டரியிலும் இதே மெஷின்தான். எனக்கு இரண்டு வருடமாகச் சம்பளம் குறைகிறது. ரசாயனத்தில் கை வைத்து வைத்துத் தோல் உரிந்துபோய் மெஷின் என்னை எடுக்காது. லேட் என்று பிடிக்கிறார்கள். யூனியனில் சொன்னாலும் பலன் இல்லை. என்ன செய்யலாம் சொல்லுங்கள் அண்ணே. எங்க அம்மா காலம் முழுக்கக் கரும்பு வெட்டினவங்க, அடையாள அட்டை எடுக்கப் போனப்ப விரலில் ரேகையே இல்லை என்றான்.

பிப்ரவரி 8, மாலை, ரோஸ்ஹில் அப்பா

தம்பி, இங்கே பேச்சு பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி, உன் விஷயம் வேலைச் சட்டம் பக்கம் போகும். எந்த நாள், எந்த நேரம் மறுத்தது என்று போனில் படம் எடுத்து வை, அதுதான் முதல் ஆதாரம். மாற்றுப் பதிவு வேண்டும் என்று எழுத்தில் கேள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஆனாலும் நீ சொன்னது என் பட்டியலில் ஏறிவிட்டது. பிள்ளைகள் விரலும் இதற்குச் சிரமம்தான், காரணம்தான் வேறு. ரேகைகள் நெருக்கமாக இருக்கும், விரல் வளர்ந்துகொண்டே இருக்கும், கிரேடு 7இல் எடுத்தது கிரேடு 9இல் சரியாகப் பொருந்தாமல் போகலாம். அப்போது மறுபடி எடுக்க வேண்டும், பழையதை அழிக்க வேண்டும். கியூர்பிப் பக்கமிருந்து மழையில் நனைந்து வரும் பிள்ளைகளின் ஈர விரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு: காலேஜில் 640 பேர். ஒருவருக்கு 3 விநாடி என்றால் 1920 விநாடி, அதாவது 32 நிமிடம். இரண்டு கருவி வைத்தால் 16. பஸ் வந்து இறங்குவதும் மணி அடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே சமயம். நூற்றுக்கு இரண்டு பேரை எடுக்கவில்லை என்று வைத்தாலும் தினம் 13 பிள்ளைகள் கேட்டிலேயே நிற்பார்கள், அவர்களை ஒரு ஆள் பார்த்து எழுத வேண்டும். ஆக, காகிதப் பதிவேடு போகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

தவறாக இன்னொருவரோடு பொருத்திவிடும் ஆபத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், விற்பவர் தாளில் லட்சத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறது.

பிப்ரவரி 9, கணக்கு டீச்சர்

அண்ணே, கடைசி வரி. லட்சத்தில் ஒன்று என்பது ஒரு விரலை வேறு ஒரு விரலோடு ஒப்பிட்டால். கேட்டில் உங்கள் மகள் விரல் வைக்கும்போது கருவி அதை உள்ளே இருக்கும் மற்ற 639 பேரோடும் ஒப்பிடுகிறது. 639ஐ லட்சத்தால் வகுத்தால் ஆயிரத்துக்கு ஆறுக்குச் சற்று மேல். ஒரு காலையில் 640 பேர் வைத்தால் நாலு இடத்தில் வேறு யாராவது பொருந்தி வர வாய்ப்பு. தினமும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறேன், ஒவ்வொரு பீரியடிலும் பெயர் கூப்பிட்டு ஐந்து நிமிடம் போகிறது. ஒருவனுக்குப் பதில் பின்பெஞ்சிலிருந்து இன்னொருவன் குரல் கொடுப்பான். உங்களுக்கெல்லாம் கருவி வேண்டாம் என்பது எளிது, வகுப்பில் நிற்பது நான்.

பிப்ரவரி 9, ரோஸ்ஹில் அப்பா

டீச்சர் சொல்வது சரி, வெட்கமாகத்தான் இருக்கிறது, என் தொழிலே இது. ஒரு சிறு வாதம் மட்டும்: எல்லாக் கருவிகளும் முதலில் பொருந்துவதோடு நிற்பதில்லை, அதிக மதிப்பெண் வருவதைத் தேர்ந்தெடுக்கும் கருவியில் உண்மையான ஆள் பெரும்பாலும் ஜெயித்துவிடுவார், எனவே நாலு என்பது மேல் எல்லையாக இருக்கலாம். இந்தக் கருவி எப்படி என்று விற்பவரைக் கேட்டேன், தெரியவில்லை என்கிறார். நடப்பது எப்படிக் கண்ணில் படும் என்றால், காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்கும் பிள்ளை 7:52க்குக் கேட்டில் வந்ததாகப் பதிவாகும், வந்து நின்ற பிள்ளை ஆப்சென்ட் ஆகும். வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகிற ஏற்பாடு வேறு இருக்கிறது, அப்போது அடி யாருக்கு விழும் என்று யோசியுங்கள்.

இதற்கு மருந்து மலிவானது. முதலில் மாணவர் எண்ணை அழுத்தி, பிறகு விரல் வைத்தால் ஒப்பீடு ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் 3 விநாடி 6 ஆகும், 16 நிமிடம் 32க்குத் திரும்பிவிடும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்குகிறது.

பிப்ரவரி 9, வாக்வா மாமா

விற்கிறவர் எங்கள் கூட்டத்திலும் வந்து சொன்னார்: படம் சேமிப்பதே இல்லை, வெறும் எண்கள்தான், அதிலிருந்து விரலைத் திருப்பிச் செய்ய முடியாது. அப்புறம் என்ன பயம்?

பிப்ரவரி 10, ரோஸ்ஹில் அப்பா

மாமா, மறுபடியும் பாதி. படம் சேமிக்காமல் ரேகை முடியும் இடம், பிரியும் இடம் இவற்றின் குறிப்புகளை மட்டும் வைப்பது உண்மை. அதற்குத்தான் டெம்ப்ளேட் என்று பெயர். ஆனால் அந்தக் குறிப்புகளிலிருந்து கருவியை ஏமாற்றும் அளவுக்கு ரேகைப் படம் வரைய முடியும் என்று 2007இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கடவுச்சொல் போனால் வேறு வைக்கலாம். ஆள்காட்டி விரல் போனால் அடுத்த விரல், பத்தோடு கணக்கு முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது வங்கியோ விமான நிலையமோ அதே விரலைக் கேட்கும்.

இன்று விற்பவரிடம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கேட்டதில் இரண்டுக்கு மட்டும் உருப்படியான பதில். ஒன்று, டெம்ப்ளேட் கருவியோடு நிற்பதில்லை, அலுவலகக் கணினியில் உள்ள மென்பொருளுக்கு ஒரு பிரதி போகிறது, அங்கிருந்து அவர்கள் சர்வருக்கு இரவில் இன்னொரு பிரதி. சர்வர் மொரீஷியஸில் இல்லை. நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குச் சட்டத்தில் தனி நிபந்தனைகள் இருக்கின்றன, காலேஜுக்கு இது தெரியவே தெரியாது. இரண்டு, கருவியும் கணினியும் பேசிக்கொள்ள `Comm Key` என்று ஒரு சாவி உண்டு, அது இப்போது 0. அதாவது அதே நெட்வொர்க்கில் நுழைந்த எவரும் கருவியோடு பேசலாம். பிள்ளைகள் வைஃபை கடவுச்சொல்லை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று என் மகள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

பிப்ரவரி 12, ரோஸ்ஹில் அப்பா

எழுதி முடித்தேன் என்று சொல்ல ஆசை, முடியவில்லை. ஆபத்துகளையும் அவற்றுக்கான காப்புகளையும் வரிசையாக எழுதிக்கொண்டு போனேன்: திறந்த மெனு, யு.எஸ்.பி., சாவி 0, வெளிநாட்டுப் பிரதி, படிப்பு முடித்துப் போகிற பிள்ளையின் ரேகையை அழிக்க யாரும் பொறுப்பில்லாதது, கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்வது யார் என்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தீர்வு எழுதலாம், எழுதினேன். பூட்டுப் போடு, ஓட்டையை அடை, சாவியை மாற்று, வெளிப் பிரதியை நிறுத்து, கிரேடு 13 முடிந்த நாளிலிருந்து இத்தனை நாளில் அழி.

நாலாம் பக்கத்தில் வந்துதான் முதல் பக்கத்தை நிரப்பவில்லை என்று பார்த்தேன். எந்தப் பிரச்சினைக்கு இது? அவசியமா, அளவுக்கு மீறியதா என்ற கேள்வி மதிப்பீட்டில் ஆபத்துகளுக்கு முன்னால் வர வேண்டியது. ரெக்டருக்குப் போன் போட்டேன். அவர் நேர்மையாகச் சொன்னார்: காலையில் எல்லோரும் வருகிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பின்சுவர் ஏறிக் காணாமல் போகிறார்கள், பஸ் இலவசம் வேறு, ஏறி கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

கருவி இருப்பது மெயின் கேட்டில். காலையில் விரல் வைத்துவிட்டு மதியம் சுவர் ஏறுகிறவனை அது வந்ததாகவே காட்டும். இதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்தது, இனி தவறாகத் தெரியும். அவன் வெளியே போய் ஏதாவது ஆனால், உங்கள் பதிவில் உள்ளே இருக்கிறானே என்று போலீஸ் கேட்கும்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒன்று மாட்டினால் என்ன என்றார்.

பிப்ரவரி 12, கணக்கு டீச்சர்

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்!

பிப்ரவரி 13, ரோஸ்ஹில் அப்பா

டீச்சர், வகுப்பு வாசலில் மாட்டினால் உங்கள் ஐந்து நிமிடம் மிச்சமாகுமா? 32 பேர் வரிசையில் நின்று விரல் வைத்தால் ஒன்றரை நிமிடம், எடுக்காதவர்களோடு மூன்று. மிச்சம் இரண்டு நிமிடம். அதற்காக 20 கருவியில் 640 பேர் விரல் போய் உட்காரும். வேறு வழியும் இருக்கிறது: டீச்சர் கையில் ஒரு டேப்லட், வகுப்பின் படங்கள், வராதவர் படத்தை மட்டும் தொடுவது. பின்பெஞ்சுக் குரலுக்கு அங்கே வேலை இல்லை, தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். இல்லாவிட்டால் மதியம் முதல் பீரியடில் மட்டும் இரண்டாவது முறை பெயர் கூப்பிடுங்கள், பைசா செலவில்லை. இதே பலனைக் குறைவான தகவலில் பெற முடியும் என்றாகிவிட்டால் கைரேகை அவசியம் என்று என் கை எழுத மறுக்கிறது.

போலந்தில் க்டான்ஸ்க் நகரப் பள்ளி ஒன்று சாப்பாட்டுக் கூடத்துக்கு இதையே செய்தது. சம்மதம் எழுத்தில் இருந்தது, மாற்று வழியும் இருந்தது, ஆனால் ரேகை தராத பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நின்று மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போகும்வரை காத்திருக்க வேண்டும். 2020இல் அங்குள்ள தகவல் பாதுகாப்பு அலுவலகம் 20,000 ஸ்லோட்டி அபராதம் போட்டது. பிறகு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்துவிட்டது, எனவே இதை ஆயுதமாகத் தூக்காதீர்கள். எனக்கு அதில் மனதில் நின்றது அந்த வரிசைதான். நம் கேட்டிலும் வேண்டாம் என்ற பிள்ளைகள் காவலாளி மேசையில் பெயர் சொல்லி நிற்பார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள்.

பிப்ரவரி 13, கணக்கு டீச்சர்

டேப்லட் யார் வாங்கித் தருவது? உடைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பது? படம் வைப்பதும் தகவல்தானே அண்ணே?

பிப்ரவரி 14, ரோஸ்ஹில் அப்பா

படமும் தகவல்தான், ஒத்துக்கொள்கிறேன். காலேஜிடம் சேர்க்கைப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கும் படம், கருவி வைத்து முகம் பொருத்தாமல் மனிதக் கண் பார்த்தால் கைரேகை அளவுக்குக் கனமில்லை என்பது என் வாதம். டேப்லட் விலைக்கு என்னிடம் பதில் இல்லை.

பிப்ரவரி 19, ரோஸ்ஹில் அப்பா

கூட்டம் நடந்தது. மாணவர்களுக்கு இப்போதைக்கு இல்லை, மதிப்பீடு முடிந்து தகவல் பாதுகாப்பு அலுவலகத்தோடு கலந்து பேசிய பிறகே மறுபடி எடுப்பது என்று நிறுத்தினார்கள். ஆசிரியர்களுக்கு வைக்கலாமா என்று ஒருவர் ஆரம்பித்தார், ஆசிரியர்கள் அறையே கொதித்தது, அது வேறு இழை.

கருவியைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். தொழில்நுட்பர் திரையில் `Delete All Data` அழுத்தினார், 26 போய் 0 ஆனது, அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அக்காவுக்கு அனுப்புகிறேன். அலுவலகக் கணினியில் இருந்த பிரதியையும் என் முன்னால் அழித்தார்கள். இரவில் போன பிரதி?

பிப்ரவரி 19, குவாத்ர் போர்ன் அம்மா

அதைத்தான் நானும் கேட்கப் போனேன். விரல் எடுத்த நாள் இரவிலிருந்து எத்தனை இரவு?

பிப்ரவரி 26, ரோஸ்ஹில் அப்பா

செவ்வாய்க்கிழமை பதிவுசெய்த நாளிலிருந்து கழற்றிய நாள் வரை எண்ணினால் இரண்டு வாரத்துக்கு மேல். விற்பவருக்கு எழுத்தில் கேட்டு ஒரு வாரமாகிறது: எந்தச் சர்வர், எத்தனை காப்புப் பிரதி, அழித்ததற்கு என்ன அத்தாட்சி. எங்கள் மென்பொருளில் அந்தக் காலேஜ் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று ஒரு வரி வந்தது. மூடுவதும் அழிப்பதும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். அக்கா, 26 பெற்றோர் பெயரில் ஒரு கடிதம் தயார் செய்கிறேன், சனிக்கிழமை கோவிலுக்கு வரும்போது கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இந்தக் கையெழுத்துக்கு மாற்று வழி உண்டு, போடாமலும் இருக்கலாம்.